இரவுக் கடமை முடிந்த முகம்: படத்துக்கு ஒரு வரி வேண்டும்

செம்மண் | 2025 பெப்ரவரி 12, காலை 8.10

இரவுக் கடமை முடிந்து எடுத்த செல்பி ஒன்று கையில் இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது. முகக்கவசத்தின் கம்பி மூக்கில் கோடு போட்டிருக்கிறது. முடி ஒரு பக்கம் அவிழ்ந்திருக்கிறது. திருத்தாமல் அப்படியே முகநூலில் போட விரும்புகிறேன்.

மேலே எழுத ஒரு வரி வேண்டும். களைப்பை ஒளிக்கக் கூடாது. வாசிக்கிறவருக்கு மனம் கனக்கவும் கூடாது. வன்னியில் வேலை செய்கிறேன் என்பது நண்பர்களுக்குத் தெரியும், ஆனால் எந்த வைத்தியசாலை என்பது தெரியக் கூடாது. எழுதிப் பார்த்தது:

"இரவெல்லாம் கண்விழித்து உயிர் காத்த களைப்பு. தூக்கமே, இனி நீ வா."

மனம் ஒப்பவில்லை. எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

குளக்கட்டு | பெப்ரவரி 12, காலை 8.35

நல்ல வரிதானே அக்கா. "வெள்ளுடைத் தேவதை" என்று ஒரு சொல் சேருங்கள், ஊரே பகிரும்.

பெயர் தெரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கிளிநொச்சியில் கைபேசிக் கடை வைத்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். முன்பக்கக் கமெராவில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித்தான் விழும். பின்னால் பெயர்ப்பலகை இருந்தாலும் யாராலும் வாசிக்க முடியாது.

செம்மண் | பெப்ரவரி 12, காலை 8.50

தேவதை வேண்டாம் தம்பி. தேவதைக்குக் கால் வீங்குவதில்லை, சம்பளத்தில் கடன் கழிவதில்லை. அந்தச் சொல்லைப் போட்டால் படத்தில் இருக்கும் ஆள் காணாமல் போய்விடுவாள்.

இப்போது படுக்கப் போகிறேன். பின்னேரம் வருகிறேன்.

வயற்காரன் | பெப்ரவரி 12, காலை 10.20

பகலில் தூக்கம் வராவிட்டால் சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள் பிள்ளை. தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வையுங்கள். இரவுக் காவலுக்குப் போகும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

ஒரு கதை சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் அறுவடையில் கதிர் அரியும்போது கண்ணாடி விரியன் காலில் போட்டது. ஒரு மிஸ் என் இரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "ஐயா, இதை ஒருவரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான நேரத்துக்கு வந்து சரித்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது. அதன் பிறகுதான் விஷமுறி மருந்து ஏற்றினார்கள். விடியும்வரை அந்தப் பிள்ளை உட்கார்ந்ததை நான் காணவில்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இன்றும் அது எனக்குக் குறைதான்.

வைத்தியசாலையின் பெயரை ஏன் மறைக்கிறீர்கள்? நல்லது நடக்கும் இடத்தின் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

செம்மண் | பெப்ரவரி 12, பிற்பகல் 4.40

ஐயா, தூக்கத்துக்கு வழி கேட்கவில்லை, படத்துக்கு வரி கேட்டேன். ஆனாலும் கறுப்புத் துணி நல்ல யோசனை. உங்கள் கதையை இரண்டு தரம் வாசித்தேன்.

அந்தக் குழாய் எங்கள் இரவுகளில் அடிக்கடி வரும் சாமான். இரண்டு மில்லிலீற்றர் இரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு தரம் சரித்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ஒருவிதம், ஓடினால் வேறுவிதம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயை எடுத்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஆளை ஏமாற்றும். பிளாஸ்திக் குழாயும் அப்படித்தான். அதனால் குழாய் எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு கண் இருக்க வேண்டும். அந்த 20 நிமிடத்தில் மற்றக் கட்டில்களில் சேலைன் முடியும், யாரோ வாந்தி எடுப்பார், ஒரு குழந்தை அழும். மனத்தின் ஒரு மூலை மட்டும் குழாயோடேயே நிற்கும்.

உங்கள் கதையிலிருந்து ஒரு வரி வந்தது:

"குழாயில் இரத்தம் உறையும்வரை நானும் உறங்கவில்லை."

இது எப்படி இருக்கிறது?

குளக்கட்டு | பெப்ரவரி 12, பிற்பகல் 4.55

அபாரம் அக்கா! இதையே போடுங்கள்.

பாலைநிழல் | பெப்ரவரி 12, இரவு 7.30

வரி அழகாக இருக்கிறது. போடாதீர்கள்.

விடுதிப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாதிய மாணவிகளுக்கும் படிப்பித்திருக்கிறேன். நேற்றிரவு பாம்பு கடித்த ஒருவர் வந்தார் என்று நீங்கள் எழுதினால், அவர் யார் என்பது நம் ஊர்களில் காலைத் தேத்தண்ணீர் ஆறுமுன் தெரிந்துவிடும். ஒட்டுசுட்டானில் ஒருவரைப் பாம்பு கடித்தால் அது முள்ளியவளைக்குத் தெரியாமல் போவதில்லை. யாரைக் கடித்தது என்பது தெரிந்தவுடன், அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்பதும் தெரியும். நீங்கள் பெயர் எழுதாத வைத்தியசாலை அப்போதே எழுதியாகிவிட்டது. நோயாளியின் இரத்தம் உறையவில்லை என்ற செய்தியும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வயற்காரன் ஐயா தன் கதையைத் தானே சொன்னார், அது வேறு. நமக்கு அந்த உரிமை இல்லை.

கொழும்பில் பெயரை விட்டால் ஆள் மறைந்துவிடலாம். வன்னியில் பெயரை விடுவது மட்டும் போதாது, கதையையும் விட வேண்டும்.

செம்மண் | பெப்ரவரி 12, இரவு 9.15

நேற்றிரவு என் விடுதியில் என்ன நடந்தது என்று இங்கே நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். குழாய் பொதுவாக நடப்பது. ஆனால் அந்த வரியை வாசிக்கிறவர் அதை நேற்றிரவோடு சேர்த்துத்தான் வாசிப்பார். சரி, அந்த வரி வேண்டாம்.

அப்படியானால் எதை வைத்து எழுதுவது? நோயாளியை எடுத்துவிட்டால் "மிகவும் களைத்துவிட்டேன்" என்ற வெறும் சொல்தான் மிஞ்சுகிறது. அது யாருக்கும் பொருந்தும். நெல் மூட்டை ஏற்றியவரும் அப்படி எழுதலாம்.

பாலைநிழல் | பெப்ரவரி 12, இரவு 9.40

விவரம் உங்கள் உடம்பிலிருந்து வரட்டும். மூக்கில் கோடு இருக்கிறது என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் மூக்கு, யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

முதல் வரியில் "உயிர் காத்த" என்பது ஏன் இடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரவில் ஒருவர் இறந்திருந்தால், அவருடைய மகள் முகநூலில் உங்கள் நண்பியின் நண்பியாக இருக்கலாம். அவள் அந்தச் சொல்லை எப்படி வாசிப்பாள்? ஒருவரும் இறக்காத இரவிலும் உயிரைக் காத்தது வைத்தியர், சிற்றூழியர், இரத்த வங்கியில் இருந்தவர், வாகனம் ஓட்டி வந்தவர் எல்லாரும் சேர்ந்துதான்.

குளக்கட்டு | பெப்ரவரி 12, இரவு 10.05

அப்படியென்றால் இது: "மூக்கில் கோடு, புறங்கையில் பேனா மை, கண்ணில் தூக்கம். இதுதான் என் ஒப்பனை."

என் சித்தி மகளும் தாதிதான். எப்போதும் கையில்தான் நாடித்துடிப்பும் அளவும் எழுதிக்கொண்டு திரிவாள்.

செம்மண் | பெப்ரவரி 13, அதிகாலை 5.20

இன்றும் கடமை, இப்போது ஒரு சின்ன இடைவெளி. மை வேண்டாம் தம்பி. நாங்கள் கையில் எழுதுவதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், எழுதியது அழியும் என்று கழுவத் தயங்கினால் அதுதான் ஆபத்து. என் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். கட்டில் இலக்கம், மருந்து நேரம், விடிவதற்குள் செய்ய வேண்டியவை. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வருவேன். காலையில் அந்தத் தாளில் வெட்டப்படாத இடமே இருக்காது. வெளியே வரும்போது அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வருவேன்.

அந்தத் தாளை வைத்து எழுதினால் என்ன?

கந்தோர் | பெப்ரவரி 13, காலை 9.00

எல்லாரும் வீணாகப் பேசுகிறீர்கள். அரச ஊழியர் சமூக ஊடகத்தில் எதையும் போடக் கூடாது. 2022இல் சுற்றறிக்கை வந்தது. செல்பி போட்டாலே ஒழுக்காற்று நடவடிக்கைதான்.

பாலைநிழல் | பெப்ரவரி 13, காலை 9.45

சுற்றறிக்கை வந்தது உண்மை. தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தில் ஏற்கெனவே இருந்ததை அது நினைவூட்டியது. தகவலை வெளியிடுவதும் நிர்வாகம் பற்றிக் கருத்துச் சொல்வதும்தான் அதில் விஷயம். "எங்கள் விடுதியில் ஆள் போதவில்லை, மருந்து இல்லை" என்று எழுதினால் அது நேரே அதற்குள் வரும், உண்மையாக இருந்தாலும் வரும். ஒருத்தி தன் முகத்தைப் போட்டுத் தூங்கப் போகிறேன் என்று எழுதுவதை நான் அதற்குள் சேர்க்க மாட்டேன். ஆனால் மேலதிகாரி ஒருவர் வேறுவிதமாகப் பார்க்கக்கூடும். விடுதிக்குள் எடுத்த படமா, வெளியே எடுத்த படமா என்பதும் முக்கியம். செம்மண், எங்கே எடுத்தீர்கள்?

கந்தோர் | பெப்ரவரி 13, காலை 9.50

நான் சொன்னதில் மாற்றமில்லை. பிறகு வந்து அழ வேண்டாம்.

செம்மண் | பெப்ரவரி 13, பிற்பகல் 3.30

உடை மாற்றும் அறையில் எடுத்தது. நோயாளி எவரும் இல்லை. இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் சுவரில் கடமைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. தலைப்பில் வைத்தியசாலையின் பெயர், கீழே எங்கள் எல்லாருடைய பெயரும். எழுத்துகள் நேராகவே இருக்கின்றன, நன்றாக வாசிக்க முடிகிறது. குளக்கட்டு, இடம் வலம் மாறும் என்றீர்களே?

குளக்கட்டு | பெப்ரவரி 13, பிற்பகல் 4.00

எடுக்கும்போது திரையில் மாறித்தான் தெரியும் அக்கா. சில போன்கள் சேமிக்கும்போது நேராக்கிவிடும். அதற்கு அமைப்புகளில் ஒரு தெரிவு இருக்கிறது. உங்கள் போனில் அது அப்படி இருக்கிறது போல.

பாலைநிழல் | பெப்ரவரி 13, பிற்பகல் 4.25

மாறியிருந்தாலும் பயனில்லை. பார்க்கிறவர் படத்தை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் திரும்பிவிடும். என் பேரன் அதைச் செய்கிறான். தோளுக்கு மேலே வெட்டி, முகம் மட்டும் வரும்படி போடுங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

குளக்கட்டு | பெப்ரவரி 13, பிற்பகல் 4.40

வெட்டுவதுதான் நல்லது. எழுத்தின் மேல் பூப் படம் ஒட்டுவதைவிட வெட்டினால் கேள்வியே இல்லை. இன்னொன்று அக்கா: போடும்போது முகநூல் இடத்தைச் சேர்க்கவா என்று கேட்கும், பக்கத்து ஊரின் பெயரையும் தானாகவே காட்டும். அதைத் தொடாதீர்கள். பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

செம்மண் | பெப்ரவரி 13, இரவு 8.10

வெட்டிவிட்டேன். முகமும் கழுத்தும் மட்டும். இப்போது மூக்குக் கோடு இன்னும் பெரிதாகத் தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

புது வரி:

"கண் திறக்க முடியவில்லை. பையில் இருந்த தாளில் வெட்டப்படாத வரி ஒன்றும் இல்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன்."

வயற்காரன் | பெப்ரவரி 13, இரவு 8.40

பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. "கண் திறக்க முடியவில்லை" என்பதை வாசித்ததும் எனக்குத் திடுக்கென்றது. என் தாய் இப்போது ஒரு விடுதியில் படுத்திருந்தால், ஊசி போடுகிற பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லையா என்றுதான் முதலில் நினைப்பேன்.

செம்மண் | பெப்ரவரி 13, இரவு 9.00

கோபம் இல்லை ஐயா. இது எனக்குத் தோன்றவே இல்லாத பக்கம்.

ஆனால் கேட்கிறேன், களைப்பு என்பது பொய்யா? மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை 12 மணி நேரம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உடம்பே குளிர்ந்துபோகும், வெக்கைக் காலத்திலும் மேற்சட்டை தேடுவோம். அந்த நேரத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் இன்னொருத்திக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவோம், இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஏற்றுவோம். களைப்பு இருக்கிறது என்று தெரிந்துதான் அப்படிச் செய்கிறோம். அதை ஒளித்துச் சிரித்த முகம் போட நான் விரும்பவில்லை.

பாலைநிழல் | பெப்ரவரி 13, இரவு 9.30

ஒளிக்க வேண்டாம். இடத்தை மாற்றுங்கள். பொறுப்பைக் கொடுத்தது முதலில் வரட்டும், களைப்பு அதற்குப் பின்னால் வரட்டும். கட்டில் கட்டிலாக நடந்து, அடுத்த அணியிடம் ஒவ்வொருவரையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் நமக்குக் கால் நோவது தெரியும். உண்மையில் நடப்பதும் அந்த வரிசையில்தான். வாசிக்கிறவருக்கும் அப்போது பயம் வராது, விழித்த கண் ஒன்று விடுதியில் இருக்கிறது என்று தெரியும்.

தொலைவில் இருப்பவள் | பெப்ரவரி 14, அதிகாலை 2.15

கனடாவிலிருந்து எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. என் அம்மா மல்லாவியில் தனியே இருக்கிறார். நான் படம் போட்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "சாப்பிட்டாயா?" நூறு பேர் விருப்பம் போட்டாலும் நான் தேடுவது அந்த ஒரு கேள்வியைத்தான். உங்கள் வரியில் எல்லாரையும் பார்த்துப் பேசுகிறீர்கள். ஒருவரைப் பார்த்துப் பேசிப் பாருங்களேன்.

செம்மண் | பெப்ரவரி 14, காலை 7.50

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

என் அம்மாவும் முகநூலில் இருக்கிறார். நான் வரும்வரை பிட்டை மூடி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். சாப்பிட்டுவிட்டுப் படு என்பார், படுத்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்பேன். ஒவ்வொரு காலையும் அந்த வழக்குத்தான். அதை அப்படியே எழுதினால் இனிமை தானாக வரும், இனிமையாக எழுத வேண்டும் என்று முயல வேண்டியதில்லை.

"விடுதியை அடுத்த கைகளில் கொடுத்தாயிற்று. பையில் இருந்த தாளில் வெட்டப்படாத வரி இல்லை. மூக்கில் முகக்கவசக் கோடு, 12 மணி நேரம் நின்ற கால். அம்மா, பிட்டை மூடி வையுங்கள். முதலில் தூக்கம்."

குளக்கட்டு | பெப்ரவரி 14, காலை 8.05

அம்மா வரியை முதலில் போடுங்கள் அக்கா. நீளமாக இருந்தால் மிச்சத்தை மறைத்து "மேலும் பார்க்க" என்று காட்டும். கடைசியில் இருப்பதைப் பலர் திறந்தே பார்க்க மாட்டார்கள். கடைசியில் "ஸ்கூட்டியில் பறந்து வருகிறேன்" என்று சேர்த்தால் கலகலப்பாக இருக்கும்.

பாலைநிழல் | பெப்ரவரி 14, காலை 8.30

ஸ்கூட்டி வேண்டாம். இரவு முடிந்து ஓட்டுவது பறப்பது அல்ல. ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும், கண் ஒரு கணம் மூடினால் போதும். மூடியது நமக்கே தெரியாது, விழித்தபோது வீதியின் மறு பக்கத்தில் இருப்போம். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி பரந்தன் பக்கம் வேலிக்குள் போய் விழுந்து கை முறிந்தாள். செம்மண், நீங்கள் எப்படிப் போகிறீர்கள்?

செம்மண் | பெப்ரவரி 14, காலை 8.40

பஸ்ஸில்தான் அக்கா. நடத்துநருக்கு இறங்குமிடம் தெரியும், எழுப்பிவிடுவார்.

தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி, மறைந்துபோகும் என்பது. ஆனால் அம்மா வரி முதலில் வந்தால் வேலை முடிந்தது பின்னுக்குப் போய்விடும், ஐயா சொன்ன அந்தத் திடுக்கு மறுபடி வரும். வரியையே சுருக்குகிறேன். தாளை எடுத்துவிடுகிறேன், அது எங்களுக்குள் இருப்பவர்களுக்குத்தான் விளங்கும்.

"விடுதியை அடுத்த கைகளில் கொடுத்தாயிற்று. மூக்கில் கோடு, 12 மணி நேரம் நின்ற கால். அம்மா, பிட்டை மூடி வையுங்கள். முதலில் தூக்கம்."

விடிவெள்ளி | பெப்ரவரி 14, பிற்பகல் 1.10

நானும் தாதிதான். இந்த வரியைக் கடன் கேட்கலாம் என்று வந்தேன், வாசித்துவிட்டு நிறுத்திவிட்டேன். எனக்கு "முதலில் தூக்கம்" என்பது உண்மையில்லை. ஏழு மணிக்கு வெளியே வந்தால் இரண்டு பிள்ளைகளையும் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும், பிறகு சமையல், பதினொன்றுக்குப் படுத்தால் ஒன்றரைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். பிட்டு மூடி வைக்க ஒருவரும் இல்லை, அவிப்பதே நான்தான். எனக்கு என்ன எழுதுவீர்கள்?

செம்மண் | பெப்ரவரி 14, பிற்பகல் 5.00

கடன் வாங்க முடியாது என்றுதான் எனக்கும் படுகிறது. முதல் பாதி எங்கள் எல்லாருக்கும் பொதுவானது, இரண்டாம் பாதி வீட்டுக்கு வீடு வேறு. உங்களுக்கு இப்படி வரலாம்:

"விடுதியை அடுத்த கைகளில் கொடுத்தாயிற்று. என் கைக்கு இப்போது இரண்டு சீப்பும் இரண்டு பின்னலும். பதினொன்றுக்குத் தூக்கம்."

பெண் பிள்ளைகள் என்று நானே எண்ணிக்கொண்டேன், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

விடிவெள்ளி | பெப்ரவரி 14, பிற்பகல் 5.20

ஒரு பின்னல், ஒரு மொட்டைத் தலை. "ஒரு பின்னலும் ஒரு காணாமல் போன சப்பாத்தும்" என்று மாற்றிக்கொள்கிறேன்.

வயற்காரன் | பெப்ரவரி 14, இரவு 7.15

எல்லாம் நன்று. ஆனால் பெயர் போடாததை நான் இன்னும் ஏற்கவில்லை. நோயாளியின் பெயரை மறையுங்கள், அது முறை. இடத்தின் பெயரையும் மறைத்தால் என்னைப் போன்றவன் யாருக்கு நன்றி சொல்வது?

செம்மண் | பெப்ரவரி 14, இரவு 8.00

ஐயா, அந்தப் பெயரை நீங்கள் சொல்லலாம். நீங்கள் சொன்னால் அது நன்றி, நான் சொன்னால் வேறு பல கதைகள் வந்து ஒட்டும். ஒரு கடிதம் எழுதி, நீங்கள் படுத்திருந்த விடுதியின் பொறுப்புத் தாதியிடம் கொடுங்கள். திகதியும் கட்டில் இலக்கமும் நினைவிருந்தால் எழுதுங்கள். அன்றைய கடமைப் பட்டியலைப் பார்த்து அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க அவர்களால் முடியக்கூடும்.

படத்தைப் போட்டுவிட்டேன். அம்மா கீழே எழுதியிருக்கிறார்: "பிட்டு ஆறினால் சரிவராது. வந்து சாப்பிட்டுவிட்டுப் படு."